வகுப்பின் ஒளிப்பதிவும் பார்த்தவரின் பதிவேடும்

ஒரு வகுப்போ பணியாளர் பயிற்சியோ ஒளிப்பதிவு செய்யப்படும்போது இரண்டு வகைத் தகவல்கள் உருவாகின்றன. முதலாவது வகை பதிவிலேயே அடங்கியிருப்பது. ஆசிரியரின் முகமும் குரலும், கேள்வி கேட்ட மாணவரின் தயக்கமும், கூட்டத்தில் மேலதிகாரியை மறுத்துப் பேசிய ஊழியரின் சொற்களும் அதில் சேரும். இரண்டாவது வகை, அந்தப் பதிவைப் பின்னர் இணையவழியாகப் பார்ப்போரைப் பற்றிக் காணொளி மென்பொருள் தானாகவே எழுதிக்கொள்ளும் குறிப்புகளாகும். யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில் பார்த்தார், எந்த நிமிடத்தில் நிறுத்தினார், எந்தப் பகுதியைத் திரும்ப ஓட்டினார் என்பனவெல்லாம் ஆளுக்கொரு வரிசையாகச் சேமிக்கப்படுவதால் இதனைப் பார்வையாளர்வாரித் தரவு என்று குறிப்பிடலாம். இவ்விரண்டையும் ஆராய விரும்பும் கல்லூரிகளும் நிறுவனங்களும் பெரும்பாலும் சேர்க்கை நாளிலோ பணியேற்பு நாளிலோ ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று அமைதியடைகின்றன. மதிப்பெண் இடுபவரோ சம்பளம் தருபவரோ கேட்கும்போது இடப்படும் அந்தக் கையெழுத்து எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதும், அது தாங்காத இடத்தில் பாதுகாப்பு வேறு எங்கிருந்து வர வேண்டும் என்பதுமே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள்.

இக்கேள்வியை மிகத் தெளிவாக முன்வைத்த வழக்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் எழுந்தது. கொரோனாப் பெருந்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில், பள்ளிக்கு வர இயலாத மாணவர்கள் வகுப்பை நேரலைக் காணொளியில் பின்தொடரலாம் என்று அம்மாநிலக் கல்வி அமைச்சகம் விதி வகுத்தது. மாணவர்களின் தனியுரிமை கருதி, அவர்களோ, வயது வராதவரெனில் அவர்களுடைய பெற்றோரோ ஒப்புதல் அளித்தால்தான் இணைப்பு வழங்கப்படும் என்றும் அந்த விதிகள் கூறின. ஆனால் கேமராவின் முன் நாள் முழுதும் நிற்கப்போகும் ஆசிரியரிடம் ஒப்புதல் பெறுவதற்கு விதிகளில் இடமே இல்லை. ஆசிரியர்களின் பணியாளர் குழு வீஸ்பாடன் நிர்வாக நீதிமன்றத்தை அணுகியபோது, பணியுறவின் தேவைக்காகப் பணியாளரின் தகவல்களைக் கையாளலாம் என்று மாநிலத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பதால் தனி ஒப்புதல் வேண்டியதில்லை என்று அமைச்சகம் வாதிட்டது. வீஸ்பாடன் நீதிமன்றம் விளக்கம் கேட்டு அனுப்பிய வினாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2023 மார்ச் 30 அன்று விடையளித்தது.

அந்தத் தீர்ப்பு ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று சொல்லி முடித்துவிடவில்லை. அதன் சிறப்பும் அதிலேதான் இருக்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 88ஆம் உறுப்பு, பணியிடத் தகவல்களுக்கென உறுப்பு நாடுகள் தனி விதிகள் வகுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆயினும் அத்தகைய விதி பணியாளரின் மாண்பையும் அடிப்படை உரிமைகளையும் காக்கும் குறிப்பான ஏற்பாடுகளைக் கொண்டிருக்க வேண்டும். தகவல் கையாளப்படும் முறை வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதையும், பணியிடத்தில் அமையும் கண்காணிப்பு முறைகளையும் அவ்வேற்பாடுகள் குறிப்பாகக் கருத வேண்டும் என்று அவ்வுறுப்பே வலியுறுத்துகிறது. நேரலையில் பாடம் நடத்தும் அரசுப்பள்ளி ஆசிரியர் இந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார் என்று நீதிமன்றம் உறுதிசெய்தது. பணிக்குத் தேவை என்றால் கையாளலாம் என்ற பொது வாசகத்தை மட்டும் திரும்பச் சொல்லி, காப்பு எதையும் சேர்க்காத ஒரு பிரிவு அந்தத் தகுதியைப் பெறாது என்றும், வேறு சட்ட அடிப்படை அதற்கு இல்லையெனில் அதைப் புறந்தள்ள வேண்டும் என்றும் அது விளக்கியது. பணியாளரின் கையெழுத்து எளிதாகக் கிடைத்துவிடும் என்பதை அறிந்தே, கையெழுத்து இல்லாத நிலையிலும் நிற்கக்கூடிய காப்பை ஐரோப்பியச் சட்டம் கேட்கிறது என்று இத்தீர்ப்பைப் புரிந்துகொள்வது பொருந்தும்.

கையெழுத்தின் வலிமை பற்றி அங்குள்ள கண்காணிப்பு அமைப்புகள் முன்பே ஒரு முடிவுக்கு வந்திருந்தன. உறுப்பு நாடுகளின் தரவுப் பாதுகாப்பு ஆணையங்கள் கூடிய பணிக்குழு 2017 ஜூனில் வெளியிட்ட கருத்துரையில், முதலாளிக்கும் பணியாளருக்கும் இடையேயுள்ள சார்புநிலை காரணமாகப் பணியிடத்தில் ஒப்புதல் பெரும்பாலும் சட்ட அடிப்படையாக அமைய இயலாது என்று கூறியது. பள்ளியில் இது எவ்வாறு பொருந்தும் என்பதை ஸ்வீடனின் ஷெலெஃப்தியோ நகராட்சி தொடர்பான முடிவு காட்டியது. அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் 22 மாணவர்களின் வருகையைப் பதிவுசெய்ய மூன்று வாரங்கள் முகமறியும் கேமரா பயன்படுத்தப்பட்டது. பெற்றோரின் ஒப்புதலும் பெறப்பட்டிருந்தது. ஆயினும் மாணவர் பள்ளியைச் சார்ந்திருக்கும் நிலையில் அந்த ஒப்புதலைத் தன்விருப்பமானதாகக் கொள்ள முடியாது என்று கூறி, ஸ்வீடனின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 ஆகஸ்டில் 2,00,000 குரோனர் அபராதம் விதித்தது. வருகைப் பதிவை வேறு எளிய வழியில் எடுக்க முடியும் என்பதும் அம்முடிவில் எடைபோடப்பட்டது.

நோக்கம் மெல்ல மெல்ல விரிவடைவது இதைவிடக் கவலை தரும் செய்தி. மான்டிநீக்ரோ பல்கலைக்கழகத்தின் கணிதப் பள்ளி 2011இல் தன் விரிவுரைக் கூடங்களில் கேமராக்களைப் பொருத்தியபோது, மக்களுக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்ற காரணத்தோடு கற்பித்தலைக் கண்காணிப்பது என்ற காரணத்தையும் முதல்வரின் ஆணை குறிப்பிட்டது. பேராசிரியர்கள் இருவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 நவம்பர் 28 அன்று, விரிவுரைக் கூடம் பொது இடமாகத் தோன்றினாலும் ஆசிரியருக்கு அது மாணவரோடு உறவாடித் தன் ஆளுமையை வளர்த்துக்கொள்ளும் பணியிடம் என்றும், அங்கே நடப்பதும் தனிவாழ்வின் வரம்புக்குள் வரக்கூடும் என்றும் ஏற்றுக்கொண்டது. கற்பித்தலைக் கண்காணிப்பது கேமரா பொருத்துவதற்கான காரணமாக அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெறவேயில்லை என்பதால் உரிமை மீறப்பட்டதாக முடிவுசெய்தது. ஏழு நீதிபதிகளில் நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் நின்றனர் என்பதிலிருந்து இக்கேள்வி எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும். திருட்டைத் தடுக்க வந்த கேமரா ஆசிரியரை மதிப்பிடும் கருவியாக மாறுவதற்குப் புதிய கம்பியோ புதிய இயந்திரமோ தேவையில்லை. அதே பதிவை வேறொருவர் வேறொரு கேள்வியுடன் திறந்தால் போதும்.

பதிவில் தெரிபவரேனும் கேமராவைக் கண்டு நடக்கலாம்; பதிவைப் பார்ப்பவர் தானும் பதிவாவதை உணர்வதில்லை. இத்தரவு உருவாகும் விதத்தை ஒரு கற்பனைக் கல்லூரியின் வகுப்பைக் கொண்டு விளக்கலாம். அவ்வகுப்பில் 62 மாணவர்கள். அரையாண்டில் 40 பாடங்கள். ஒவ்வொன்றும் 50 நிமிடப் பதிவு. காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போது மாணவரின் கருவி 10 விநாடிக்கு ஒருமுறை, இன்னார் இந்த இடத்தில் இருக்கிறார் என்று வழங்கிக் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது என்று கொண்டால், ஒரு பாடத்தை ஒருவர் ஒருமுறை முழுதாகப் பார்ப்பதற்கு 300 வரிகள் உண்டாகும். அனைவரும் அனைத்தையும் ஒருமுறை பார்த்தால் அரையாண்டின் முடிவில் 7,44,000 வரிகள் சேர்ந்திருக்கும்.

இவற்றை வைத்து ஆசிரியர் அறிய விரும்புவது வழக்கமாக எளிய ஒன்று: எந்த நிமிடத்தில் மாணவர்கள் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள், அதாவது விளக்கம் எங்கே புரியவில்லை என்பது. அதற்கு ஒவ்வொரு 10 விநாடித் துண்டையும் எத்தனை முறை பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டுமே தேவை. ஒரு பாடத்துக்கு 300 எண்கள், 40 பாடங்களுக்கு 12,000 எண்கள். பெயரோ, நேரமோ, கருவியோ அவற்றில் இருக்க வேண்டியதில்லை. 7,44,000 வரிகளை வைத்திருப்பதற்கும் 12,000 எண்களை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு சேமிப்பிடத்தைப் பற்றியதன்று. முன்னதில் ஒவ்வொரு மாணவரின் வாழ்க்கை முறையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு மட்டுமே பார்ப்பவர் மாலையில் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். ஒவ்வொரு சொற்றொடரையும் நிறுத்தி நிறுத்திக் கேட்பவர் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்புக்கு வந்தவராகவோ செவித்திறன் குறைந்தவராகவோ இருக்கலாம். இணைய முகவரி திடீரென வேறோர் ஊரைக் காட்டினால் அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று தெரியும். இவற்றில் எதையும் அந்த மாணவர் ஆசிரியரிடம் சொல்லவில்லை.

பெயரை நீக்கிவிட்டோம் என்பதே இதற்கு நிறுவனங்கள் தரும் வழக்கமான பதில். பதிவெண்ணை ஹாஷ் என்னும் முறையில், அதாவது எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதற்குரிய ஒரே குழம்பிய எழுத்துச்சரத்தைத் தந்து, சரத்திலிருந்து எண்ணுக்குத் திரும்ப வழிவிடாத கணக்கில், மாற்றிச் சேமிப்பது ஒரு வழக்கம். ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் பன்னிரண்டு இலக்கப் பதிவெண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் கல்லூரியையும், அடுத்த இரண்டு சேர்ந்த ஆண்டையும், அடுத்த மூன்று பாடப்பிரிவையும், கடைசி மூன்று வரிசை எண்ணையும் குறிக்கும் என்றால், ஒரு கல்லூரியின் ஒரு பிரிவைப் பொறுத்தவரை தெரியாமல் இருப்பவை கடைசி மூன்று இலக்கங்களே. சாத்தியமான ஆயிரம் எண்களையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண மடிக்கணினிக்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படாது. ஆகவே, ஹாஷ் கணக்கில் ஒரு இரகசியச் சாவியையும் சேர்க்க வேண்டும். அந்தச் சாவி தரவை ஆராய்பவரிடம் இல்லாமல் வேறோர் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும்.

அவ்வாறு செய்தாலும், பார்வைப் பழக்கமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2006 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டிக்காக, ஏறத்தாழ 4,80,000 வாடிக்கையாளர்கள் திரைப்படங்களுக்கு அளித்த பத்துக் கோடிக்கு மேற்பட்ட மதிப்பீடுகளை, பெயர்களை நீக்கி வெளியிட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தைச் சேர்ந்த அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் மதிப்பிட்ட எட்டுப் படங்களைப் பற்றிய தகவல் வெளியிலிருந்து கிடைத்தால், அவற்றில் இரண்டு முற்றிலும் தவறாக இருந்தாலும், தேதிகள் இரண்டு வாரம் முன்பின்னாக இருந்தாலும், 99 விழுக்காட்டுப் பதிவுகளைத் தனித்து அடையாளங்காண முடியும் என்று காட்டினர். அதன்பின் 2009இல் வழக்குத் தொடரப்பட, 2010 மார்ச்சில் அந்நிறுவனம் தன் இரண்டாவது போட்டியைக் கைவிட்டது. ஐந்து இலட்சம் பேர் கொண்ட கூட்டத்திலேயே எட்டுத் தடயங்கள் போதுமானவை என்னும்போது, ஒருவரையொருவர் நாள்தோறும் காணும் 62 பேர் கொண்ட வகுப்பில் அறைத்தோழர் ஒருவரின் நினைவே போதும்.

எண்ணிக்கைகளாகச் சுருக்கிய பின்னும் ஒரு துளை எஞ்சியிருக்கும். பத்துப் பேருக்குக் குறைந்த குழுவின் எண்ணிக்கையைக் காட்டாதே என்ற விதியோடு ஒரு திரை வடிவமைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். துறைத்தலைவர் முழு வகுப்பையும் தேர்ந்தெடுக்கிறார். 62 பேரில் 47 பேர் பார்த்ததாகத் திரை காட்டுகிறது. பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த லேட்டரல் என்ட்ரி மாணவரை விலக்கிவிட்டு மீண்டும் கேட்கிறார். 61 பேரில் 47 பேர் என்று விடை வருகிறது. இரண்டு விடைகளும் விதிக்கு உட்பட்டவைதாம். ஆனால் அந்த வகுப்பில் லேட்டரல் என்ட்ரியில் வந்தவர் ஒருவரே என்பதால், பார்க்காத 15 பேரில் அவரும் ஒருவர் என்பது கழித்துப் பார்த்த அக்கணமே வெளியாகிவிடுகிறது. விருப்பம்போல் வடிகட்டும் வசதியை எடுத்துவிட்டு, முன்கூட்டியே முடிவுசெய்த சில குழுக்களுக்கு மட்டும் ஐந்தின் மடங்காகத் திருத்திய எண்களைத் தருவதால் இத்துளை பெரிதும் அடைபடும். ஒரு திரை நம்பகமானதா என்று அறிய விரும்புவோர் செய்ய வேண்டிய முதற்சோதனையும் இந்தக் கழித்தல் கணக்கேதான்.

இத்தனைக்கும் பிறகு அந்த வரிகள் உண்மையைச் சொல்கின்றனவா என்ற கேள்வியும் உண்டு. காணொளி ஓடுவது வேறு, அதை ஒருவர் பார்ப்பது வேறு. விடுதியில் ஒரு கைபேசியைச் சுற்றி நால்வர் அமர்ந்து பார்த்தால் பதிவேட்டில் ஒருவர் பார்த்ததாகவும் மூவர் பார்க்காததாகவும் இருக்கும். இரட்டை வேகத்தில் பார்ப்பவர் 50 நிமிடப் பாடத்தை 25 நிமிடத்தில் முடிப்பதால், கடிகாரத்தின்படி 10 விநாடிக்கு ஒன்றாக அனுப்பப்படும் செய்திகள் 150 மட்டுமே சேரும். பாடத்தின் எந்த இடம் ஓடியது என்பதைக் கவனியாமல் வரிகளை மட்டும் எண்ணும் நிரல் அவரைப் பாதி பார்த்தவராகக் கணக்கிடும். வகுப்பின் சராசரியைக் கணக்கிடும்போது இப்பிழைகள் ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தக்கவை. அக மதிப்பீட்டு மதிப்பெண் குறைவதற்கோ பெற்றோருக்குக் கடிதம் போவதற்கோ அதே வரிகள் காரணமாகும்போது, அப்பிழை ஒரு தனி மனிதரின் மேல் விழுகிறது; அவருக்கோ எதை வைத்துத் தன்னை மதிப்பிட்டார்கள் என்பதே தெரிவதில்லை.

பணியிடத்தில் இத்தரவு எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தக்கூடும் என்பதற்குப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இராது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை நடத்தும் கடமையை முதலாளியின் மேல் சுமத்துவதால், பல நிறுவனங்கள் இதனைப் பதிவுசெய்த காணொளியாகவே வழங்குகின்றன. சட்டக் கடமை நிறைவேறியதைக் காட்ட வேண்டியது ஊழியர் ஒருவருக்கு ஒரு வரி மட்டுமே: இன்னார், இந்தத் தேதியில், முடித்தார். ஆனால் காணொளி மென்பொருள் அதோடு நிற்பதில்லை. ஐம்பது பேர் பணிபுரியும் ஓர் அலுவலகத்தில், உள்ளகப் புகார்க்குழுவிடம் புகார் அளிக்கும் முறையை விளக்கும் நான்கு நிமிடப் பகுதியை ஒரு பெண் ஊழியர் ஒரே இரவில் ஐந்து முறை பார்த்தார் என்பதும் பதிவாகிறது. அவர் இன்னும் எவரிடமும் பேசவில்லை. பேசுவதா வேண்டாமா என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். பயிற்சித் திரையைத் திறக்கும் உரிமை குழுத்தலைவருக்கும் இருந்து, அக்குழுத்தலைவரே துன்புறுத்துபவராகவும் இருந்துவிட்டால், புகார் எழுதப்படும் முன்பே எதிர்த்தரப்பு எச்சரிக்கை பெற்றுவிடுகிறது. புகார்தாரரின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறினாலும், அது பேசுவது அளிக்கப்பட்ட புகாரைப் பற்றி. அளிக்க எண்ணியவரின் பார்வைப் பதிவேட்டைப் பற்றி அங்கே சொல் இல்லை. இந்த ஊழியரிடம் முன்பே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் இந்த விளைவு ஒரு துளியும் மாறியிருக்காது. நிமிடவாரிப் பதிவு அந்தப் பயிற்சிக்கு முற்றிலும் நிறுத்தப்பட்டிருந்தால் மட்டுமே அவர் காக்கப்பட்டிருப்பார்.

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் எதைத் தருகிறது என்பதை நேராகப் பார்க்க வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அறிவித்தது. அதைத் தொடர்ந்த நீண்ட முயற்சிகளின் முடிவில் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முதன்மையான கடமைகள் பதினெட்டு மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டன. ஒப்புதல் தன்விருப்பமானதாகவும், குறிப்பான நோக்கத்துக்கானதாகவும், நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்றும், நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றும் அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகிறது. அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும்.

ஆனால் 7ஆம் பிரிவு, பணி தொடர்பான நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்தோ பொறுப்பிலிருந்தோ காப்பதற்காகவும் பணியாளரின் தகவலை ஒப்புதலின்றியே கையாளலாம் என்கிறது. பணிக்காக என்ற அந்தச் சொற்றொடர் ஹெஸ்ஸே மாநிலச் சட்டத்தின் வாசகத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அங்கே போதாது என்று ஒதுக்கப்பட்டது இங்கே முழு அனுமதியாக வாசிக்கப்படும் ஆபத்து உண்டு. கண்காணிப்பு முறைகளைக் குறிப்பிட்டுக் காப்பு கேட்கும் 88ஆம் உறுப்புக்கு இணையான எதுவும் இச்சட்டத்தில் இல்லை. இது பெருங்குறை என்றே கருத வேண்டியிருக்கிறது.

மாணவர் நிலை வேறு. பதினெட்டு வயது நிறையாத எவரும் இச்சட்டத்தின்படி குழந்தை என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பதினேழு வயதில் கல்லூரிக்கு வரும் முதலாண்டு மாணவரும் அவ்வரையறைக்குள் வருகிறார். குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், குழந்தையைப் பின்தொடர்வதும் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது என்றும் 9ஆம் பிரிவு விதிக்கிறது. இருப்பினும் கல்வி நிறுவனங்களுக்கு, தம் கல்விச் செயல்பாடுகளுக்காகவும் தம்மிடம் பயிலும் குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் என்ற வரம்புக்குள் இந்த இரண்டு தடைகளிலிருந்தும் விதிகள் விலக்கு அளிக்கின்றன. விலக்கு கல்வி நிறுவனத்துக்கு உரியது. காணொளித் தளத்தை நடத்தும் வணிக நிறுவனம் கல்லூரியின் பணியாளாக அத்தரவைக் கையாளும்வரை இவ்வரம்புக்குள் நிற்கலாம். தன் பொருளை மேம்படுத்தவோ விற்கவோ அதே வரிகளை எடுத்துக்கொண்டால் அந்த விலக்கைத் துணைக்கு அழைக்க முடியாது. ஆகையால் கல்லூரி தளத்துடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் இதைத் தடுக்கும் வாசகம் இருக்கிறதா என்பதை மாணவரின் கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

இச்சட்டத்தில் மிகவும் பயன்படக்கூடிய வரி, ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு அளிக்கும் 17ஆம் பிரிவில் ஒளிந்திருக்கிறது. அத்தகவல் ஒரு குறிப்பிட்ட நபரைப் பற்றிய எந்த முடிவையும் எடுக்கப் பயன்படக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த விலக்கு வருகிறது. முன்னர்க் கண்ட கல்லூரியில் எந்த நிமிடம் புரியவில்லை என்ற கேள்வி இந்நிபந்தனைக்குள் அடங்கும். இரண்டு வாரமாகப் பதிவைத் திறக்காத மாணவர் யார் என்ற கேள்வி அடங்காது. இரண்டாவது கேள்வி கெட்டது என்று பொருளில்லை. படிப்பைக் கைவிடும் நிலையிலுள்ள ஒருவரை உரிய காலத்தில் அழைத்துப் பேசுவது நற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் அதை ஆய்வு என்ற பெயரில் செய்யக்கூடாது. அதற்கு வேறு தரவுத்தொகுப்பு, வேறு அறிவிப்பு, பார்க்கும் உரிமையுள்ள வேறு சிலர், அப்பதிவு தவறு என்று மாணவர் மறுத்துரைக்கும் வாய்ப்பு ஆகியவை தனியே இருக்க வேண்டும். ஒரே சேமிப்பில் இரண்டையும் வைத்துக்கொண்டு நோக்கத்தை மட்டும் வாயால் பிரிப்பது மான்டிநீக்ரோவின் கேமராவை மீண்டும் பொருத்துவதற்கு ஒப்பாகும்.

நோக்கங்களை உண்மையிலேயே பிரித்த ஒரு முன்மாதிரி, எட்டாம் வகுப்புக் கணிதக் கற்பித்தலை ஒப்பிட்ட டிம்ஸ் ஒளிப்பதிவு ஆய்வில் இருக்கிறது. 1990களின் நடுவில் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 231 வகுப்புகள் அதற்காகப் பதிவாயின. அவற்றில் தோன்றிய ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இரகசியம் காக்கப்படும் என்று உறுதி தரப்பட்டிருந்ததால், பொதுமக்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் காட்டுவதற்கு அப்பதிவுகளைப் பயன்படுத்தவில்லை. அதற்கென வேறு வகுப்புகள், வெளியில் காட்டப்படும் என்று முன்பே சொல்லி அனுமதி பெற்று, தனியாகப் பதிவுசெய்யப்பட்டன. செலவு கூடியது, ஆனால் முதலில் பெற்ற ஒப்புதலை இழுத்து நீட்ட வேண்டிய நிலை எழவில்லை.

ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமைதான் குழுப்பதிவுகளில் தீர்க்கக் கடினமானது. கொடுத்ததைப் போன்ற எளிமையுடன் ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்றும், அதுவரை நடந்த கையாளுகை செல்லாததாகிவிடாது என்றும் இந்தியச் சட்டம் கூறுகிறது. பார்வையாளர்வாரித் தரவில் இதைச் செய்வது எளிது. சாவி இருக்கும் அலுவலகம் அந்த மாணவரின் சரத்தைக் கண்டுபிடித்து அவருடைய வரிகளை நீக்கிவிடும், முன்பே கணக்கிட்ட எண்ணிக்கைகள் அப்படியே நிற்கும். வகுப்பின் ஒளிப்பதிவில் ஒருவரை மட்டும் நீக்குவது எளிதன்று. முகத்தை மறைத்தாலும் குரல் இருக்கும். குரலை அணைத்தாலும் எழுத்துவடிவப் பிரதியில் அவர் கேட்ட கேள்வி இருக்கும். கேள்வியை அழித்தாலும் பெயர் சொல்லி விடையளிக்கும் ஆசிரியரின் குரல் அடுத்த நொடியில் வரும். ஆகவே பதிவு தொடங்கும் முன்பே, ஒப்புதல் தராதவர்கள் கேமரா எட்டாத வரிசையில் அமரவும், அப்பகுதிக்கு ஒலிவாங்கி வைக்காமல் இருக்கவும், கேள்விநேரத்தைப் பதிவுக்கு வெளியே விடவும் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த வரிசையில் அமர்ந்தவர் யார் என்பது மதிப்பெண் இடுபவருக்குத் தெரியாதபடி எல்லா நாளும் வேறு சிலரும் அங்கே அமர இடம் இருக்க வேண்டும். பதிவின் ஒவ்வொரு பகுதியிலும் பேசியவர் யார் என்ற நேரக்குறிப்பையும், படக்கோப்பும் ஒலிப்பிரதியும் எந்தெந்த இடங்களுக்கு நகலெடுக்கப்பட்டன என்ற பட்டியலையும் தொடக்கத்திலிருந்தே எழுதிவைத்தால்தான், ஆறு மாதம் கழித்து ஒரு மாணவர் வந்து தன் குரலை நீக்கச் சொல்லும்போது அந்த வேண்டுகோளை எல்லா நகல்களிலும் நிறைவேற்ற முடியும்.